பின்பக்கப் படத்தைக் கொண்டு வைஃபை ரூட்டரை அடையாளம் காணல்

வைஃபை ரூட்டர் ஒன்று எவ்வகை இணைய இணைப்பை நேரடியாக ஏற்கும் என்பதை அதன் பின்பக்கத்தில் உள்ள போர்ட்டுகள் காட்டிவிடும். முன்பக்கமும் ஆன்டெனாக்களும் இதற்கு உதவுவதில்லை. பழைய தொலைபேசிக் கம்பிக்கான ரூட்டரும் இன்றைய ஃபைபர் இணைப்புக்கான ரூட்டரும் முன்னிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பிராட்பேண்ட் நீக்கப்பட்டு ஃபைபர் வந்த வீடுகளில் பழைய ரூட்டர் பரணில் கிடக்கிறது. அதையோ, விற்பனைக்கு வந்த ஒரு பழைய ரூட்டரையோ புதிய இணைப்பில் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி எழும்போது, பின்பக்கத்தின் தெளிவான படம் ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

வெளியிலிருந்து வரும் கம்பிக்கான போர்ட்

பெரும்பாலான ரூட்டர்களில் ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் நான்கு போர்ட்டுகள் இருக்கும். இவை வீட்டிலுள்ள கணினி, தொலைக்காட்சி முதலியவற்றை இணைக்கும் லேன் போர்ட்டுகள். ரூட்டரின் வகையை அறிய இவற்றை விட்டுவிட்டு, வரிசையில் சேராமல் தனித்து நிற்கும் போர்ட்டைத் தேட வேண்டும். இணையம் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

தனித்த போர்ட் லேன் போர்ட்டின் அதே அளவில், நிறம் மட்டும் மாறி, WAN அல்லது Internet என்ற எழுத்துடன் இருந்தால் அது ஈத்தர்நெட் வழியாக இணையம் பெறும் ரூட்டர். பரவலாக விற்ற TL-WR841N இவ்வகையைச் சேர்ந்தது. இதற்குத் தொலைபேசிக் கம்பியையோ ஃபைபர் இழையையோ நேரடியாகச் செருக வழியில்லை. வேறொரு மோடமோ ஃபைபர் பெட்டியோ முன்னால் இருக்க வேண்டும்.

தனித்த போர்ட் லேன் போர்ட்டைவிடக் குறுகலாக இருந்து, அதன்மேல் DSL அல்லது ADSL என்று இருந்தால் அது தொலைபேசிக் கம்பிக்கான மோடம் ரூட்டர். லேன் கம்பியின் முனை சுமார் 12 மி.மீ. அகலமும் தொலைபேசிக் கம்பியின் முனை சுமார் 10 மி.மீ. அகலமும் கொண்டவை. படத்தில் அளவுகோல் இல்லாவிட்டாலும், பக்கத்திலுள்ள லேன் போர்ட்டுடன் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெரியும்.

ஃபைபர் பெட்டியில் சதுர வடிவான, பெரும்பாலும் பச்சை நிற முனையைச் செருகும் போர்ட் இருக்கும். PON அல்லது Optical என்று குறிக்கப்பட்டிருக்கும். சில கருவிகளில் இது அடிப்பக்கத்தில், தூசு மூடியுடன் இருப்பதால் பின்பக்கப் படத்தில் தெரியாது. எனவே ஃபைபர் போர்ட் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் அடிப்பக்கப் படத்தையும் பார்ப்பது நல்லது.

ஒரே வடிவம், எதிர்ப்பணி

குறுகலான போர்ட்டைக் கண்டதும் டிஎஸ்எல் என்று முடிவு செய்வதே அதிகம் நிகழும் தவறு. பல ஃபைபர் பெட்டிகளிலும் அதே வடிவில் ஒன்றோ இரண்டோ போர்ட்டுகள் உண்டு. அவற்றின்மேல் TEL, Phone அல்லது POTS என்று இருக்கும். டிஎஸ்எல் போர்ட்டில் வெளியிலிருந்து கம்பி உள்ளே வருகிறது. இவற்றிலிருந்து தொலைபேசிக் கருவிக்குக் கம்பி வெளியே செல்கிறது. வடிவம் ஒன்றே ஆனாலும் பணி நேர்எதிரானது. ஆகவே எழுத்து படிக்க முடியாத மங்கலான படத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயல்வதைவிட, வேறு படம் கேட்பதே மேல்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு படத்தில் குறுகலான DSL போர்ட் ஒன்றும் நான்கு லேன் போர்ட்டுகளும் தெரிகின்றன எனக் கொள்வோம். ஃபைபர் வந்த வீட்டுக்கு இது பயனற்றது என்றே முதலில் தோன்றும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்காவது போர்ட்டின்மேல் LAN4/WAN என்று இருக்கிறது. அடிப்பக்க ஒட்டியில் TD-W8968 என்ற மாதிரி எண் உள்ளது. இது டிஎஸ்எல் மோடம் ரூட்டர்தான்; ஆனால் நான்காவது போர்ட்டை இணையம் உள்ளே வரும் போர்ட்டாகவும் மாற்றலாம். ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கம்பியை அதில் செருகி, அமைப்புப் பக்கத்தில் டிஎஸ்எல்லுக்குப் பதிலாக ஈத்தர்நெட் வழியைத் தேர்ந்தெடுத்தால் இது வழக்கமான ரூட்டராகிவிடும்.

அந்தச் சிறு எழுத்து இல்லாத டிஎஸ்எல் ரூட்டரையும் வீசிவிட வேண்டியதில்லை. அதை வைஃபை பரப்பும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதலில் அதன் முகவரியை மாற்ற வேண்டும்: ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்று இருந்தால் பழையதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். அடுத்து அதிலுள்ள DHCP வசதியை நிறுத்திவிட்டு, இரு கருவிகளின் லேன் போர்ட்டுகளையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். DHCP நிறுத்தப்படாவிட்டால் இரு பெட்டிகளும் முகவரி வழங்கத் தொடங்கும். அப்போது வீட்டில் சில கருவிகளுக்கு மட்டும் இணையம் கிடைக்கும், சிலவற்றுக்கு வைஃபை இணைந்தும் இணையம் வராது. இந்த அறிகுறி தெரிந்தால் வேறெதையும் மாற்றுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

படம் காட்டாதவை

வேகத்தைப் படத்திலிருந்து ஓரளவுதான் அறியலாம். லேன் போர்ட்டின் உள்ளே எட்டு உலோகத் தொடுமுனைகளுக்கு இடம் உண்டு. விலை குறைந்த ரூட்டர்கள் சிலவற்றில் நான்கு மட்டுமே இருக்கும். நெருக்கமான படத்தில் இடைவெளி தெரிந்தால் அந்தப் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எட்டும் இருந்தால் மட்டும் அது கிகாபிட் போர்ட் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மாதிரி எண்ணைத் தேட வேண்டும். அப்போது எண்ணின் அருகில் உள்ள Ver அல்லது V என்ற பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி எண்ணில் பதிப்புக்குப் பதிப்பு உட்பாகங்கள் மாறுவது வழக்கம்.

ஃபைபர் பெட்டிகளில் இன்னொரு தடை உள்ளது. போர்ட் பொருந்தினாலும், நிறுவனத்தின் வலையமைப்பு ஜிபான், இபான் போன்ற தொழில்நுட்பங்களில் எதில் இயங்குகிறதோ அதே வகைக் கருவி தேவை. அதற்கும் மேலாக, கருவியின் தொடர் எண் நிறுவனத்தின் பக்கத்தில் பதிவாக வேண்டும். ஜிபான் கருவியின் ஒட்டியில் 12 எழுத்துகள் கொண்ட இந்த எண் இருக்கும். முதல் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். HWTC என்று தொடங்கினால் அது ஹுவாவே கருவி. இந்த எண்ணைக் கொடுத்து, பதிவு செய்வார்களா என்று சேவை நிறுவனத்திடம் கேட்ட பிறகு பழைய ஃபைபர் பெட்டிக்குப் பணம் கொடுப்பதே முறை. சாதாரண ஈத்தர்நெட் ரூட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அதே ஒட்டியில்தான் வைஃபை கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும். படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது மாதிரி எண்ணையும் பதிப்பையும் தவிர மற்றவற்றை விரலால் மறைத்து எடுக்கலாம்; தொடர் எண்ணைச் சேவை நிறுவனத்துக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் போதும்.