நாடா முடிச்சு நகர்ந்தபோது

சித்தி கொடியிலிருந்து பாவாடையை எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டதால் நாடாவில் அந்த இடம் மட்டும் கசங்கி வெளுத்திருந்தது. இப்போது முடிச்சு விழும் இடம் அதிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, நாடாவின் நுனிக்குப் பக்கத்தில் இருந்தது. "ரெண்டு மாசத்துல இப்படி ஆயிருச்சுடி. சாப்பாடோ அரை வயித்துக்குக்கூட இறங்க மாட்டேங்குது" என்றாள்.

சித்திக்கு அப்போது 54 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. வயிறு உப்பத் தொடங்கியதும் ஓமத் தண்ணீர் குடித்தாள், பெருங்காயம் கரைத்துக் குடித்தாள், பருப்பையும் கிழங்கையும் நிறுத்தினாள். மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவர் எண்டோஸ்கோபி எடுத்துப் பார்த்து, இரைப்பையில் லேசான புண் இருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் இன்னும் ஆறு வாரம் போனது.

எண்டோஸ்கோபி இரைப்பைக்கு உள்ளே பார்க்கும் சோதனை. இரைப்பைக்கு வெளியே, வயிற்றின் கீழ்ப்பகுதியில் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. சித்திக்கு வந்திருந்தது சினைப்பைப் புற்றுநோய்.

இந்த நோய் ஏன் வாயுத் தொல்லை போலவே தெரிகிறது என்று புரிந்துகொண்டால், எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். சினைப்பைகள் இடுப்புக்குழிக்குள் நெருக்கடி இல்லாமல் கிடப்பவை. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் குடல் விலகி இடம் கொடுத்துவிடும். அதனால் ஆரம்பத்தில் பெரிதாக வலிப்பதில்லை. இந்த வகைப் புற்றுநோயில் பெரும்பாலானவை சினைப்பையை ஒட்டிய கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன என்று இப்போது கருதுகிறார்கள். அங்கிருந்து உதிரும் செல்கள் வயிற்றுக்குள் மிதந்து போய், குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பில் ஒட்டி வளர்கின்றன. வயிற்றுக்குள் இயல்பாகவே கொஞ்சம் நீர் சுரக்கும், அது நுண்ணிய வடிகால்கள் வழியே வெளியேறிவிடும். நோய் அந்த வடிகால்களை அடைக்கிறது, நீர்க்கசிவையும் கூட்டுகிறது. ஆகவே நீர் கோக்கிறது. மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சுமார் ஒன்றரை லிட்டராவது சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே நாடா சொல்லிவிடுகிறது.

இந்த நீரும் கட்டியும் இரைப்பையை அழுத்துவதால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி சிறுநீர் வரும். அடிவயிறு கனக்கும். சிலருக்கு மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பார்த்தால் எல்லாமே நாற்பதைத் தாண்டிய பெண்கள் வயசுக்கோளாறு என்று தள்ளிவிடுகிற தொல்லைகள்.

வாயுவினால் வரும் உப்புசம் ஏறி இறங்கும். சாப்பிட்டபின் கூடும், வாயு பிரிந்தால் தணியும், காலையில் எழும்போது வயிறு தட்டையாக இருக்கும். இந்த உப்புசம் காலையிலும் அப்படியே நிற்கும். கன்னமும் கையும் மெலியும்போது வயிறு மட்டும் பெருத்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பார்பரா காஃப் என்ற மகப்பேறு புற்றுநோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த நோய் வந்த பெண்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, 2007இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வயிறு உப்புதல் அல்லது பெருத்தல், அடிவயிற்று வலி, சீக்கிரம் வயிறு நிறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒரு வருடத்துக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் பரிசோதிக்க வேண்டும் என்பதே அது. "அப்பப்ப வருது டாக்டர்" என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் பிடிபடாது. காலண்டரில் உப்புசம் இருந்த நாளையெல்லாம் சுழித்துவைத்து, "போன மாசம் 19 நாள்" என்று சொன்னால் பேச்சே மாறிவிடும்.

பிரிட்டன் மருத்துவர்களுக்கான 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது. குடல் எரிச்சல் நோய் 50 வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு முதல்முறையாக வருவது அபூர்வம். அந்த வயதில் அதுபோன்ற தொல்லை புதிதாக ஆரம்பித்தால், சினைப்பையைப் பார்க்காமல் அந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

அப்படிப் பார்ப்பதற்கு இரண்டு சோதனைகள்தான் தொடக்கம். ஒன்று, சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. 35 வரை இயல்பு. மற்றது, வயிற்றுக்கும் இடுப்புப் பகுதிக்கும் சேர்த்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மேல்வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது. சித்தியின் ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் திடமான கட்டி, வயிற்றில் நீர். சிஏ-125 அளவு 412. மருத்துவர் எங்கள் கண்முன்னே ஒரு கணக்குப் போட்டார். மாதவிலக்கு நின்றவர் என்பதால் 3, ஸ்கேனில் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தேகக் குறிகள் இருப்பதால் இன்னொரு 3, இரண்டையும் 412ஆல் பெருக்கினால் 3708. இந்த எண் 200ஐத் தாண்டினாலே, சில இடங்களில் 250ஐத் தாண்டினால், சாதாரண அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பாமல் மகப்பேறு புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். முதல் அறுவைச் சிகிச்சையை யார் செய்கிறார், கட்டியை எவ்வளவு முழுமையாக எடுக்கிறார் என்பதைப் பொறுத்துப் பின்னால் எல்லாம் மாறும் என்பதால்தான் அந்தக் கணக்கு.

சித்திக்கு முதலில் மூன்று சுற்று கீமோ, பிறகு அறுவை, மறுபடி மூன்று சுற்று என்று கொடுத்தார்கள். நோய் வயிற்றுக்குள் பரவியபின் பலருக்கும் இந்த வரிசைதான்.

பாப் ஸ்மியர் எடுத்துவிட்டேனே என்று பல பெண்கள் சமாதானப்பட்டுக்கொள்கிறார்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை, சினைப்பையை அது பார்க்காது. கர்ப்பப்பையை எடுத்தவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், சினைப்பைகளை விட்டுவைத்திருக்கிறார்களா என்று. பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கும். அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அதேசமயம், தொல்லை எதுவும் இல்லாத பெண்கள் வருடாவருடம் சிஏ-125 எடுத்துக்கொள்வதில் பலனில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அப்படிச் சோதித்ததால் இந்த நோயில் இறப்பவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. ஆரம்பக் கட்டத்தில் சுமார் பாதிப் பேருக்கு சிஏ-125 இயல்பாகவே இருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தும் உப்புசம் தணியவில்லை என்றால், ஒரு மாதம் கழித்து மறுபடி போய் நிற்க வேண்டும்.

அந்த எண் கூடியிருந்தாலும் அது புற்றுநோய்தான் என்று சொல்லிவிட முடியாது. கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், ஈரல் நோய் எதிலும் அது ஏறும். சித்தி சிகிச்சையில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் 48 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அதே உப்புசம், அதே நீர், சிஏ-125 முந்நூறுக்கு மேல். வீட்டில் எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். வயிற்றுக்குள்ளிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்தபோது வந்த முடிவு வயிற்றுக் காசநோய். ஆறு மாத மாத்திரைச் சீட்டுடன் அவர் அந்த வாரமே வீட்டுக்குப் போனார்.