வளையத்தின் கீழே யார் நிற்கலாம்?

யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காக ஆடிய கோல் ஷூட்டர். உயரம் சுமார் 208 செ.மீ. அமெரிக்கக் கூடைப்பந்தில் 1940களின் இறுதியில் கொடிகட்டிப் பறந்த ஜார்ஜ் மைக்கனுக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். இரண்டு ஆட்டங்களிலும் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அதன் கீழே நிற்பதற்கு மைக்கனுக்கு இருந்த தடை தர்ஜினிக்கு இல்லை.

கூடைப்பந்தில் வளையத்துக்கு முன்னே கோடிட்ட ஒரு பகுதி உண்டு. தன் அணியிடம் பந்து இருக்கும்போது எதிரணியின் அந்தப் பகுதிக்குள் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் ஒருவர் நிற்கக்கூடாது. அந்த விதி இருந்தும் மைக்கனை அடக்க முடியவில்லை. ஆகவே 1951இல் என்பிஏ நிர்வாகம் அந்தப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. நெட்டையர்களை வளையத்திலிருந்து தள்ளி நிறுத்துவதே நோக்கம்.

வலைப்பந்தாட்டம் வேறு வழியில் யோசித்தது. அங்கே வளையத்தைச் சுற்றி 4.9 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குள் நின்று எறிந்தால்தான் கோல். எறியும் உரிமை கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவருக்கு மட்டுமே. ஷூட்டர் ஆட்டம் முழுவதும் அந்த வட்டத்திலேயே நிற்கலாம், விநாடிக் கணக்கு இல்லை. ஆனால் அவர் வேறெங்கும் போக முடியாது. 30.5 மீட்டர் நீள மைதானம் மூன்று சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்க, அவருக்குரியது கடைசி மூன்றிலொரு பாகம் மட்டும். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஆஃப்சைடு, பந்து எதிரணிக்குப் போய்விடும். சட்டையில் பெரிதாகத் தெரியும் ஜிஎஸ், டபிள்யூஏ போன்ற எழுத்துகள் இதற்காகத்தான். யார் எங்கே நிற்கலாம் என்பதை நடுவர் அதைப் பார்த்தே முடிவு செய்கிறார். கூடைப்பந்தின் ஐவருக்கும் இப்படி எல்லை கிடையாது. சென்டர், கார்டு என்பவை பழக்கத்தால் வந்த பெயர்கள். யாரும் எங்கும் ஓடலாம், எங்கிருந்தும் எறியலாம்.

வலைப்பந்தில் ஒவ்வொரு அணியிலும் ஏழு பேர். அவர்களில் எதிரணி ஷூட்டரைத் தடுக்க அந்த வட்டத்துக்குள் நுழையக்கூடியவர்கள் கோல் கீப்பரும் கோல் டிஃபென்ஸும்தான். அதிலும், ஷூட்டர் பந்தைப் பிடித்து நின்றபின் தடுப்பவர் அவர் கால் பதித்த இடத்திலிருந்து 0.9 மீட்டர் விலகித்தான் கையை உயர்த்த வேண்டும். 208 செ.மீ. உயரக்காரர் நிமிர்ந்து எறிகிற பந்தை அந்தத் தூரத்திலிருந்து எட்டித் தொடுவது மிகக் கடினம்.

அப்படியானால் பின்வரிசையிலிருந்தே தர்ஜினிக்கு ஒரு நீளப் பந்தைத் தூக்கிப் போட்டால் போதாதா? போதாது. ஒரு பாகம் முழுவதையும் யாரும் தொடாமல் பந்து கடக்கக்கூடாது. கீப்பர் எறிந்தால் நடுப்பாகத்தில் ஒருவர் அதைத் தொட்டே ஆக வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடவும் வழியில்லை. பந்தோடு தரையில் இறங்கும் முதல் கால்தான் கணக்கு. மறு காலை எடுத்து வைக்கலாம், முதல் காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் அது மீண்டும் தரையைத் தொடுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இத்தனையும் மூன்று விநாடிக்குள். கூடைப்பந்தில் ஒரே ஆட்டக்காரர் பந்தைத் தட்டியபடி மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம், வலைப்பந்தில் அந்தத் தூரத்தைப் பல கைகள் சேர்ந்து கடக்க வேண்டும்.

ஆகவே நெட்டையான ஷூட்டரை எதிர்கொள்ளும் அணி வளையத்தடியில் மட்டும் போராடுவதில்லை. வட்டத்தின் விளிம்பில் நின்று பந்து ஊட்டும் விங் அட்டாக்கையும் சென்டரையும் மறிக்கிறது, அந்த இருவருக்கும் வட்டத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. கோல் டிஃபென்ஸ் ஷூட்டருக்கு முன்னாலும் கீப்பர் பின்னாலுமாக நின்று, மேலே வரும் பந்தை அவர் பிடிப்பதற்கு முன் தட்டிவிடப் பார்க்கிறார்கள். பந்து ஊட்டுபவர் இரண்டாவது விநாடியிலும் ஆள் தேடிக்கொண்டிருந்தால், அவசரத்தில் எறியும் பந்து குறுகி விழும் அல்லது வளையத்தைத் தாண்டி வெளியே போகும். தடுப்பு வேலை செய்வதற்கு அதுவே அடையாளம்.

ஒரு பந்தைப் பறிப்பதற்கு இந்த ஆட்டத்தில் தனி விலை உண்டு. கூடைப்பந்தில் கோல் வாங்கிய அணிக்கே அடுத்த பந்து கிடைக்கும். வலைப்பந்தில் கோல் போட்டது யாரானாலும் நடுவட்டத்திலிருந்து தொடங்கும் பந்து இரு அணிகளுக்கும் மாறி மாறிப் போகிறது. எதிரணியின் முறையில் வந்த பந்தைப் பறித்து ஒரு கோல் போட்டு, அடுத்துத் தன் முறையில் வரும் பந்தையும் கோலாக்கினால், எதிரணி மீண்டும் பந்தைத் தொடுமுன்பே இரண்டு கோல் வித்தியாசம் விழுந்திருக்கும்.