எந்த விளம்பரத்தை அணைப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஹைட்ராலிக் சிலிண்டர் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரஸ், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் என எதில் எண்ணெய் கசிந்தாலும் சிலிண்டரைக் கழற்றி வந்து, சீலை மாற்றி, ராடுக்கு மறுபடி குரோம் பூசி, பிரஷர் சோதித்துத் திருப்பித் தருவார்கள். சுற்றிலும் ஆலைகள் இருப்பதால் கசிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்படியொரு பட்டறை இருப்பது பல ஆலைகளின் மெயின்டனன்ஸ் பிரிவுக்குத் தெரியாது. அதனால் உரிமையாளர் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுக்கிறார். தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வகை. மாதக் கடைசியில் விளம்பர ஏஜென்சிக்காரர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். இந்தப் பட்டறையும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவைதான். கணக்கு மட்டும் நிஜம்.

```
               Ad 1       Ad 2       Total
Impressions    36,000     12,000     48,000
Link clicks    390        90         480
Results        51         9          60
Cost per result ₹88.24    ₹166.67    ₹100.00
Amount spent   ₹4,500     ₹1,500     ₹6,000
```

முதல் விளம்பரம் ஒரு வீடியோ: பட்டறையில் ஆட்கள் லேத்தில் வேலை செய்கிறார்கள், பொறி பறக்கிறது. இரண்டாவது ஒரே ஒரு படம்: கீறல் விழுந்த ராடு, கீழே எந்த அளவு சிலிண்டர் வரை பழுது பார்ப்போம் என்ற ஒரு வரி. ஏஜென்சிக்காரர் ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: “சார், ரெண்டாவதை ஆஃப் பண்ணிடலாம்.” நூற்று அறுபத்தாறு ரூபாயும் எண்பத்தெட்டு ரூபாயும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மேல் வரியிலிருந்து வருவோம். இம்ப்ரெஷன் 48,000 என்றால் 48,000 பேர் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு கைபேசித் திரைக்குள் விளம்பரம் நுழைந்த ஒவ்வொரு முறையும் ஓர் எண் கூடுகிறது. விரல் அதைத் தள்ளிவிட்டுப் போனாலும் கணக்கு கணக்குதான். எத்தனை பேர் என்பது Reach என்ற தனிப் பத்தியில் இருக்கும். அது 16,000 என்று வைத்தால், ஒருவர் கண்ணில் சராசரியாக மூன்று முறை பட்டிருக்கிறது. இந்தப் பத்தி ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அது தெரியாமல் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடவே முடியாது. ஸ்கிரீன்ஷாட் கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடுவது அதன் வலது மேல் மூலையைத்தான்.

கிளிக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. Clicks (all) என்று ஒரு பத்தி, Link clicks என்று இன்னொன்று. முன்னதில் லைக் போட்டது, ‘மேலும் படிக்க’ என்பதைத் தட்டியது, பக்கத்தின் பெயரைத் தொட்டது எல்லாம் சேரும். அதைக் காட்டினால் எண் பெரிதாகத் தெரியும். நம் படத்தில் இருப்பது Link clicks, நல்ல வேளை. நூறு முறை தெரிந்தால் ஒரு முறை தட்டியிருக்கிறார்கள்.

உண்மையான சுவாரசியம் Results என்ற வரியில்தான் தொடங்குகிறது. அந்த எண்ணுக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத சாம்பல் நிறத்தில் ஒரு சிறு எழுத்து வரி இருக்கும். இங்கே அது Messaging conversations started. விளம்பரத்தை அமைத்தபோது ‘எனக்கு வேண்டியது இது’ என்று எதைத் தேர்ந்தெடுத்தோமோ, அதுவே ‘ரிசல்ட்’. வேலை ஆர்டர் அல்ல, விசாரணைகூட அல்ல. யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்கினார், அவ்வளவே. “ஹாய்” என்று அனுப்பிவிட்டு மறைந்தவரும் ஒரு ரிசல்ட்.

அந்த ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டால் பின்னணியில் நடப்பது கொஞ்சம் வியப்பானது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஒருவர் கைபேசியைத் தள்ளிக்கொண்டே வருகிறார். அடுத்து ஒரு விளம்பரம் வரவேண்டிய இடம். அந்த ஓர் இடத்துக்கு அந்தக் கணமே ஓர் ஏலம் நடக்கிறது. பல விளம்பரதாரர்கள் போட்டியில் இருப்பார்கள். அதிகப் பணம் சொன்னவர் ஜெயிப்பார் என்பதில்லை. ஒவ்வொரு விளம்பரத்துக்கும், அவர் கேட்ட தொகையை, ‘இந்த ஆள் இந்த விளம்பரத்தைப் பார்த்தால் கேட்ட செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு’ என்ற கணிப்பால் பெருக்குகிறார்கள். அதோடு விளம்பரத்தின் தரத்துக்கான மதிப்பும் சேரும். கூட்டுத்தொகை எதற்கு அதிகமோ அது திரையில் வரும். நாற்பத்தெட்டாயிரம் இம்ப்ரெஷன் என்றால் பட்டறைக்காரர் தமக்குத் தெரியாமலே அப்படி நாற்பத்தெட்டாயிரம் ஏலங்களை வென்றிருக்கிறார். ஒவ்வொன்றிலும் இயந்திரம் கணித்தது ஒன்றைத்தான்: இவர் வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குவாரா?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், ஆட்கள் லேத்தில் வேலை செய்யும் வீடியோவைப் பார்த்ததும் உடனே பேச்சைத் தொடங்கக்கூடியவர் யார்? வேலை தேடுகிறவர். ஐ.டி.ஐ. முடித்தவர், ஒப்பந்தம் முடிந்துபோன ஃபிட்டர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தங்கியிருக்கும் வெல்டர். இயந்திரம் முதல் சில நாட்களில் இதைக் கண்டுபிடித்துவிடுகிறது. வேலை தேடுகிறவர் என்று அதற்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியும். உடனே அவர்களைப் போன்றவர்களையே மேலும் தேடிப் போகிறது. பட்ஜெட்டைப் பிரிக்கும் பொறுப்பையும் அதனிடமே விட்டிருந்தால், மலிவாகப் பேச்சு கிடைக்கும் வீடியோவுக்குப் பணத்தை நகர்த்திவிடும். ஆறாயிரத்தில் நாலாயிரத்து ஐந்நூறு அங்கே போனதற்கு யாரும் முடிவெடுக்கவில்லை. சொன்னதை அது அச்சு அசலாகச் செய்தது.

ஆகவே திரையை மூடிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு உரையாடலாகப் படித்து எண்ண வேண்டும்; அறுபதுதான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் விளம்பரத்தின் 51 பேச்சில் 38 பேர் “வேலை இருக்கா சார்?” என்று கேட்டவர்கள். 6 பேர் ஒரு வார்த்தையோடு நின்றவர்கள். 4 பேர் நாம் செய்யாத வேலையைக் கேட்டவர்கள். சிலிண்டர் கசிகிறது என்று வந்தவர்கள் 3 பேர். இரண்டாவதின் 9 பேச்சில் வேலை கேட்டவர்கள் 2, மௌனமானவர்கள் 2, சிலிண்டர்க்காரர்கள் 5.

இப்போது வகுத்துப் பார்ப்போம். நாலாயிரத்து ஐந்நூறை மூன்றால் வகுத்தால் 1,500 ரூபாய். ஆயிரத்து ஐந்நூறை ஐந்தால் வகுத்தால் 300 ரூபாய். திரையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையாகத் தெரிந்தது, பட்டறைக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை. ஏஜென்சிக்காரர் அணைக்கச் சொன்னது இதைத்தான். அவரும் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்ததைப் படித்தார்.

இங்கே துள்ளிக் குதித்து முதலாவதை அணைத்துவிடவும் கூடாது. மூன்று, ஐந்து என்பவை மிகச் சிறிய எண்கள். இரண்டு விளம்பரங்களும் உண்மையில் சமமானவையாக இருந்து, வெறும் தற்செயலால் இப்படி அமைந்திருக்குமா? கணக்குப் போடலாம். சமமென்றால், மொத்தம் வந்த 8 உண்மையான விசாரணைகளும் செலவின் விகிதத்திலேயே பிரிந்திருக்க வேண்டும்: முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 2. ஒவ்வொரு விசாரணையும் இரண்டாவதிலிருந்து வர நாலில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், எட்டில் ஐந்தோ அதற்கு மேலோ அங்கிருந்து வர நூற்றுக்குச் சுமார் மூன்று முறைதான் வாய்ப்பு. தற்செயல் என்று தள்ளுவது கடினம். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர் மட்டும் வீடியோவைப் பார்த்து வந்திருந்தால், எண்ணிக்கை நாலுக்கு நாலு. அப்போது தற்செயலுக்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்றாக ஏறிவிடும். ஒரே ஓர் ஆள் இடம் மாறினால் நம் உறுதி இவ்வளவு தளர்ந்துபோகிறது. நாற்பத்தெட்டாயிரம் என்ற பெரிய எண் மேலே நிற்பதால் கீழே உள்ளவையும் கெட்டியானவை என்று மனசு நம்பிவிடுகிறது. முடிவைத் தாங்குவதோ எட்டே எட்டுப் பேர்.

அதனால் என் யோசனை, இரண்டில் எதையும் அணைக்காமல், அடுத்த மாதம் இரண்டுக்கும் தனித்தனியாகச் சம பட்ஜெட் வைப்பது. இயந்திரம் பணத்தை நகர்த்த வழியில்லாமல் போகும். கூடவே வாட்ஸ்அப்பில் முதல் கேள்வியாக “சிலிண்டரின் போர் எத்தனை மி.மீ.? எந்த மெஷின்?” என்று தானாகப் போகும்படி வைக்கலாம். வேலை தேடி வந்தவர் அங்கேயே புரிந்துகொள்வார்; அவருடைய நேரமும் வீணாகாது. வாட்ஸ்அப் பிசினஸில் உரையாடலுக்கு லேபிள் ஒட்டும் வசதி இருக்கிறது. விசாரணை, வேலை கேட்டவர், ஆர்டர் என மூன்று லேபிள் போதும். மாதக் கடைசியில் எண்ணுவது சுலபம்.

இடத்தையும் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியை மையமாக வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால், கிழக்கே ஒரு பெரிய துண்டு பழவேற்காடு ஏரியிலும் வங்காள விரிகுடாவிலும் விழும். அதனால் நஷ்டமில்லை, கடலில் யாரும் இன்ஸ்டாகிராம் பார்ப்பதில்லை. நஷ்டம் தெற்கே. வட்டத்துக்குள் சிக்கும் வடசென்னைப் புறநகரின் மக்கள்தொகை ஆலைப் பகுதிகளை மூழ்கடித்துவிடும். அதற்குப் பதிலாக கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, மணலி, எல்லை தாண்டி தடாவும் ஸ்ரீசிட்டியும் என ஆலைகள் இருக்கும் இடங்களில் தனித்தனியாகச் சிறு வட்டங்கள் குத்தலாம். ஸ்ரீசிட்டி ஆந்திரத்தில் இருப்பதால், மாநிலத்தைத் தமிழ்நாடு என்று குறித்துவிட்டால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆலைகள் விட்டுப்போகும். இப்படிச் செய்த பிறகு வரும் ஸ்கிரீன்ஷாட்டில் Cost per result நூறிலிருந்து இருநூற்றைம்பதாக ஏறலாம். பதற வேண்டாம். லேபிள் எண்ணிக்கை கூடியிருந்தால் அது நல்ல ஏற்றம்.

திரையில் விட்டுப்போகும் இரண்டு விஷயங்கள் பாக்கி. ஒன்று வரி: Amount spent என்பதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேராது. பட்டறை கட்டுவது 7,080 ரூபாய், ஜி.எஸ்.டி. எண்ணை விளம்பரக் கணக்கில் பதிந்திருந்தால் அந்த 1,080 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், பதியாவிட்டால் அதுவும் செலவுதான்.

மற்றொன்று போன். பிரஸ் நின்றுபோய் ஷிப்ட் முழுக்கச் சும்மா நிற்கும்போது எந்த மெயின்டனன்ஸ் மேனேஜரும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டார். படத்தில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்துக் கூப்பிடுவார். அந்த அழைப்பு எந்த வரியிலும் ஏறாது. இதைப் பிடிக்க, விளம்பரப் படத்தில் மட்டும் போடுவதற்கு ஒரு தனி சிம் வாங்கினால் போதும். இரண்டு விளம்பரம் என்றால் இரண்டு சிம். மாதத்தில் அவற்றுக்கு நாலு உண்மையான அழைப்பு வந்தால் மொத்த விசாரணை 12. ஒன்றுக்கு 500 ரூபாய். எந்த சிம்முக்கு வந்தது என்பதும் தெரிந்துவிடும் என்பதால், எதை அணைப்பது என்ற கேள்விக்கு எட்டுப் பேரை வைத்துப் பதில் சொல்லவேண்டிய நிலையும் இருக்காது.