சரிவைச் சொல்லும் சொற்கள்: 2024 ஜூன் 4 பங்குச் சந்தைச் செய்தியை முன்வைத்து

மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட 2024 ஜூன் 4 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 4,389.73 புள்ளிகள் குறைந்து 72,079.05 இல் முடிந்தது. முந்தைய நாள் முடிவு 76,468.78. ஆகவே குறைவு 5.74 விழுக்காடு. பகல் வணிகத்தின் ஒரு கட்டத்தில் அது 6,234 புள்ளிகள் வரை, அதாவது 8.15 விழுக்காடு வரை, இறங்கியிருந்தது. இந்த எண்கள் அனைத்தும் உண்மையே. ஆயினும் இவற்றுள் எதைத் தலைப்பில் வைப்பது, எந்த வினையோடு சேர்ப்பது என்பதைப் பொறுத்து, பொய் ஒன்றும் கலவாமலேயே வாசகரைக் கலங்கச் செய்யும் செய்தியை எழுதிவிட முடியும். அந்த ஒரு நாளைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் புள்ளிக் கணக்கு. 4,389 புள்ளிகள் என்பது, அதுவரை சென்செக்ஸ் ஒரே நாளில் இழந்து முடிந்த புள்ளிகளிலேயே மிகுதியானது. எனவே 'வரலாறு காணாத வீழ்ச்சி' என்று எழுதுபவர் தம் பக்கம் சான்று இருப்பதாக வாதிடலாம். ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 23 அன்று, சென்செக்ஸ் 3,934.72 புள்ளிகள் குறைந்து 25,981.24 இல் முடிந்தது. புள்ளிகளில் அது சிறியது, விழுக்காட்டிலோ 13.15. அதாவது 2024 ஜூன் 4 இன் குறைவைப் போல் இரு மடங்குக்கும் மேல். அன்று 10 விழுக்காட்டு எல்லை கடந்ததால் வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. ஜூன் 4 அன்று அந்த எல்லை எட்டப்படவே இல்லை. குறியீட்டெண் உயர உயர, அதே விழுக்காட்டுக் குறைவு மேலும் மேலும் பெரிய புள்ளியாகத் தோன்றும். ஆதலால் புள்ளியை மட்டும் அளவாகக் கொண்டால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாறு காணாத நாள் வந்தே தீரும்.

தலைப்பில் இருக்கவேண்டியது விழுக்காடு. புள்ளி சுருக்கத்தில் வரலாம். ஒப்பீடும் அதே அளவில் அமைய வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. '2020 மார்ச்சுக்குப் பின் மிகப் பெரிய சரிவு' என்று எழுதத் தோன்றும். ஆனால் 2020 மே 4 அன்று சென்செக்ஸ் 5.94 விழுக்காடு குறைந்து முடிந்திருக்கிறது. எனவே '4 ஆண்டுகளில் மிகப் பெரிய ஒருநாள் சரிவு' என்பது சரி. மார்ச் மாதத்தை எல்லையாகக் குறிப்பது பிழை. பழைய முடிவு விலைகளின் பட்டியலை ஒருமுறை பார்த்தாலே இப்பிழை தெரிந்துவிடும்.

அடுத்தது, எந்த இடத்திலிருந்து அளப்பது என்பது. வாக்குக் கணிப்புகள் வெளியான பின் வந்த ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியிருந்தது. மே 31 முடிவான 73,961.31 உடன் ஒப்பிட்டால், இரு நாள்களின் நிகர இறக்கம் சுமார் 2.5 விழுக்காடே. இது ஒருநாள் சரிவை மறைப்பதற்கான காரணமாகாது. 'ஒரே நாளில்' என்று தலைப்பு சொல்லுமானால், அதற்கு முந்தைய ஒரே நாளில் ஏறியதைச் சுருக்கத்தின் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

'ரூ.31 லட்சம் கோடி மாயம்' என்னும் வகைத் தொடர் தனியே கவனிக்கத்தக்கது. மும்பைச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பு அன்று ஏறத்தாழ 426 லட்சம் கோடியிலிருந்து 395 லட்சம் கோடியாகக் குறைந்தது. சந்தை மதிப்பு என்பது பங்கின் கடைசி விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கிடைப்பது. பெரும் பகுதிப் பங்குகள் அன்று கைமாறவே இல்லை. நிறுவனர் குடும்பங்களும் அரசும் விற்காமல் வைத்திருக்கும் பங்குகளும் அக்கணக்கில் அடங்கும். 'மாயம்', 'ஆவியானது', 'இழந்தனர்' ஆகியவை கையிலிருந்த பணம் போய்விட்டதாக உணர்த்தும் வினைகள். 'குறைந்தது' என்பதே நடந்ததற்குப் பொருந்தும் வினை. மேலும், 31 லட்சம் கோடி என்ற எண் தன் அடிப்படையோடு வந்தால் 7.3 விழுக்காடு என்று வாசகரால் அளந்துகொள்ள முடியும். தனியே வந்தால் மலைக்க மட்டுமே முடியும்.

தமிழில் இதற்கு உரிய சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 'இறக்கம்' என்ற சொல் 'ஏற்றம்' என்பதைத் தன் இணையாகக் கூட அழைத்து வருகிறது. அன்றாட அசைவுக்கு ஏற்றது. 'சரிவு' வேகத்தையும் அளவையும் உணர்த்துகிறது, 5.74 விழுக்காட்டுக்கு அதுவே தகும். 'வீழ்ச்சி' பேரரசுகளுக்கும் பயன்படும் சொல். முடிந்துபோன தன்மை அதில் ஒட்டியிருக்கிறது. 'ரத்தக்களரி', 'அதலபாதாளம்' ஆகியவை அளவையே சொல்வதில்லை. மறுபுறம், இந்த நாளைச் 'சிறு திருத்தம்' என்று எழுதுவதும் அதே அளவுக்குத் தவறு. அது விற்பனை முகவரின் மொழி.

வேற்றுமை உருபிலும் ஒரு பொறுப்பு உண்டு. 'தேர்தல் முடிவால் சரிவு' என்பதில் 'ஆல்' உருபு காரணத்தை உறுதிப்படுத்திவிடுகிறது. 'வாக்கு எண்ணிக்கை நாளில் சரிவு' என்பது காலத்தை மட்டும் கூறுகிறது. காரணத்தைச் சுருக்கத்தில், அதன் அடிப்படையோடு தரலாம்: கணிப்புகள் பெரும் பெரும்பான்மை கூறின, பாரதிய ஜனதா கட்சி 240 இடங்களே பெற்று, 272 என்னும் தனிப்பெரும்பான்மையை எட்டவில்லை.

இவற்றைச் சேர்த்தால் அன்றைய செய்தி பின்வருமாறு அமையலாம்.

*வாக்கு எண்ணிக்கை நாளில் சென்செக்ஸ் 5.7% சரிவு*

*சென்செக்ஸ் செவ்வாயன்று 4,390 புள்ளிகள் குறைந்து 72,079 இல் முடிந்தது. இது 4 ஆண்டுகளில் மிகப் பெரிய ஒருநாள் சரிவு. பகலில் 8 விழுக்காட்டுக்கு மேல் இறங்கி, பின்னர் ஒரு பகுதி மீண்டது. கணிப்புகளைத் தொடர்ந்து திங்களன்று 3.4 விழுக்காடு ஏறியிருந்த சந்தை, ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிட்டாத நிலையில் அந்த ஏற்றம் முழுவதையும் இழந்தது.*

இதனைப் படிப்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் வாழும் ஒரு படைக்கலத் தொழிற்சாலைப் பணியாளரை எண்ணிப் பார்க்கலாம். 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். 2024 இல், தாமாக வேறு தெரிவு செய்யாதவரின் தொகையில் பங்குகளில் இடப்பட்டது அதிக அளவாக 15 விழுக்காடு. அப்பகுதி சென்செக்ஸ் அளவுக்கே குறைந்தது என்று கொண்டாலும், அவருடைய மொத்தத் தொகையில் பங்குச் சரிவின் விளைவு 0.86 விழுக்காட்டுக்கு மேல் போகாது. 'முதலீட்டாளர்கள் கண்ணீர்' என்ற தலைப்பு இந்தக் கணக்கைப் போட அவருக்கு இடமே தருவதில்லை. பரஸ்பர நிதியில் மாதந்தோறும் கட்டிவரும் தவணையை நிறுத்தும் முடிவு அன்று மாலையே எடுக்கப்பட்டுவிடக்கூடும்.

ஜூன் 7 அன்று சென்செக்ஸ் 76,693.36 இல் முடிந்து, சரிவுக்கு முந்தைய நிலையைக் கடந்தது. ஆனால் ஜூன் 4 மாலையில் செய்தி எழுதுபவருக்கு இது தெரியாது. 'விரைவில் மீளும்' என்ற ஆறுதலையும் அவர் எழுதலாகாது. 2008 ஜனவரியில் 20,873 இல் முடிந்த சென்செக்ஸ், அதன் பின் சரிந்து, அந்த முடிவு நிலையை மீண்டும் கடந்து முடிய 2010 நவம்பர் வரை ஆயிற்று.