ஊசிக் காதில் தொண்ணூறு விநாடி

தென்மாவட்ட ஊர் ஒன்றில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பா தொடங்கியது, இப்போது மகன் நடத்துகிறார். கடைக்கு விளம்பரப் படம் எழுத வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். போய் உட்கார்ந்ததும் ஒரு தாளை நீட்டினார். நேர்மை, கனிவு, நம்பிக்கை, நவீன இயந்திரம், வீட்டு மனிதர்போல் கவனிப்பு என்று பதினோரு வரிகள்.

"இதெல்லாம் படத்துல வந்துடணும் சார். தொண்ணூறு செகண்டு போதுமில்ல?"

பதினோரு வரிகளையும் ஒரு நல்ல குரல் வாசித்தால் முப்பது விநாடியே அதிகம். சிக்கல் நேரத்தில் இல்லை. அந்தத் தாளை எதிர்க்கடைக்காரர் தன் பெயரைப் போட்டு ஒட்டிக்கொண்டாலும் பொருந்தும். 'நாங்கள் கனிவானவர்கள்' என்று சொல்ல யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. அதனால்தான் கேட்பவர் காதில் அது ஏறுவதில்லை. ஒரு கடையின் குணம் தெரிவது, அந்தக் குணத்தால் கடைக்கு ஏதாவது கைவிட்டுப் போகும் இடத்தில்தான். காசோ, நேரமோ, வரிசையில் நிற்கும் அடுத்த வாடிக்கையாளரின் பொறுமையோ. எழுதுகிறவர் தேட வேண்டியது அப்படி ஒரு தருணத்தை.

முதலாளியிடம் அது கிடைப்பது அரிது. அவருக்குத் தெரிந்தது கடையின் வரலாறு. தருணங்கள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிடம் இருக்கும். அவர்களிடமும் "நம்ம சர்வீஸ் எப்படி?" என்று கேட்டால் "நல்லா பண்றோம் சார்" என்ற பதில்தான் வரும். நான் கேட்பது வேறு: "போன ஆறு மாசத்துல, வந்தவங்க கையில என்ன கொண்டு வந்தாங்க?" கையில் இருந்த பொருளைக் கேட்டால் நினைவு தானாகக் கிளறும். கண் பரிசோதிக்கும் இளைஞர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு அம்மா ஊசி நூல் கொண்டு வந்தாங்க சார்" என்றார்.

ஐம்பது வயது கடந்த பெண். தையல் கடைகளுக்கு ஜாக்கெட் ஹெம்மிங், கொக்கி வேலை செய்து கொடுப்பவர். நாற்பது தாண்டியபின் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருப்பது மங்கும். நம் ஊரில் வெள்ளெழுத்து என்போம். அதைச் சோதிக்க, ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படிக்க ஓர் அட்டை கொடுப்பார்கள். அந்த அம்மா அதைத் திருப்பிக் கொடுத்து, "எழுத்து தெரியாது தம்பி" என்றிருக்கிறார். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று, E வடிவம் நாலு திக்கிலும் திரும்பி நிற்கும் அட்டை உண்டு. அதை எடுக்கத் திரும்பியவரிடம் அவர் சொன்னது: "அது தெரிஞ்சு என்ன பண்ண? எனக்கு ஊசிக் காது தெரியணும்." பையிலிருந்து நூல்கண்டும் அதில் குத்தியிருந்த ஊசியும் வெளியே வந்தன. இளைஞர் அட்டையை வைத்துவிட்டு, அவர் ஊசியைப் பிடிக்கும் தூரத்துக்கு ஏற்ப வில்லைகளை மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

கதை கிடைத்துவிட்டது என்று இங்கேயே எழுத உட்கார்ந்திருந்தால் பாதிப் படம்தான் வந்திருக்கும். எந்தச் சம்பவத்தையும் இரண்டாவது ஆளிடமும் கேட்க வேண்டும். அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இளைஞர் மறந்துபோன ஒன்றை அவர் சொன்னார். முதல் தடவை நூல் காதில் நுழைந்ததும் அவர் எழுந்துவிடவில்லை. நூலை உருவிவிட்டு மறுபடி கோத்திருக்கிறார். "ஒரு தடவை குருட்டாம்போக்குல கோத்துடும். ரெண்டாந்தடவை கோத்தாத்தான கண்ணு தெரியுதுன்னு அர்த்தம்? அந்தப் புள்ளயும் ஒண்ணும் சொல்லல. உக்காந்து பாத்துக்கிட்டிருந்துச்சு." அன்று சனிக்கிழமை சாயங்காலம், வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள்.

படம் அந்த இரண்டாவது கோர்ப்பில்தான் இருந்தது. முதலாவது அவருக்குத் தேவையான சோதனை. இரண்டாவதுக்குக் கடை கொடுத்தது தன் நேரம்.

இப்போது நேரக் கணக்கு. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. ஆக நம் கையில் இருப்பது ஒன்றரைப் பக்கம். கூகுள் இந்தியாவுக்காக 2013இல் வந்த, பிரிவினையில் பிரிந்த இரு நண்பர்களின் படமும், திருநங்கைச் செயற்பாட்டாளர் கௌரி சாவந்தின் நிஜ வாழ்க்கையை வைத்து விக்ஸ் 2017இல் எடுத்த படமும் மூன்று நிமிடத்தைத் தாண்டியவை. அவற்றில் ஓர் ஆயுளைச் சொல்ல இடமிருந்தது. தொண்ணூறு விநாடியில் ஆயுளுக்கு இடமில்லை. ஓர் இடம், இரண்டு பேர், ஒரு செயல், அவ்வளவுதான்.

இதை மறந்துதான் என் முதல் வரைவை எழுதினேன். விடியற்காலையில் அவர் வீடு, தைத்துக் குவிந்த ஜாக்கெட்டுகள், விரலில் குத்தும் ஊசி, பின்னணியில் ஒரு குரல். வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். கடைக்கு வந்து சேரவே 48 விநாடி. மீதி நேரத்தில் இரண்டாவது கோர்ப்பு நாலு விநாடிக்குச் சுருங்கி, சும்மா ஒரு துண்டுக் காட்சியாகக் கிடந்தது. வீட்டை முழுக்க வெட்டினேன். அவர் தையல் வேலை செய்பவர் என்பதை நூல்கண்டே சொல்லிவிடும்.

இரண்டாவது வரைவில் முதலாளி கை வைத்தார். கடைசியில் தான் வந்து, "காசு வேண்டாம்மா" என்று கண்ணாடியைக் கொடுப்பதாக இருக்கட்டும் என்றார். அப்படி நடக்கவில்லை. அந்த அம்மா விலை கேட்டு, காசு எண்ணிக் கொடுத்து வாங்கியவர். இலவசமாக்கினால் பொய்யாவது ஒரு பக்கம். தன் கண்ணைத் தானே சோதித்துப் பார்த்த பெண், கை நீட்டி வாங்குபவராகிவிடுகிறார். படத்தின் நாயகி மாறி முதலாளி நாயகனாகிறார். நிஜச் சம்பவத்தில் நேரத்தைச் சுருக்கலாம், ஆட்களைக் குறைக்கலாம். யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை மாற்றக் கூடாது.

விளம்பர ஸ்கிரிப்ட்டை இரண்டு பத்தியாக எழுதுவோம். இடப்பக்கம் கண்ணுக்கு, வலப்பக்கம் காதுக்கு. மூன்றாவது வரைவின் இடப்பக்கம் இப்படி நின்றது:

முதல் 8 விநாடி: பெஞ்சில் நெருக்கியடித்து ஆட்கள். ஒருவர் கைக்கடிகாரம் பார்க்கிறார்.

25 வரை: சோதனை நாற்காலி. அட்டை கொடுக்கப்படுகிறது, திரும்பி வருகிறது.

40 வரை: இளைஞர் வேறு அட்டை எடுக்கிறார். பையிலிருந்து நூல்கண்டு.

58 வரை: வில்லைகள் மாறுகின்றன. நூல் நுழைகிறது.

65 வரை: பெஞ்சுக்காரர் தன் முறை என்று எழுகிறார். அம்மா நூலை உருவுகிறார். அவர் மறுபடி உட்காருகிறார்.

84 வரை: இரண்டாவது கோர்ப்பு. வெட்டில்லாத ஒரே ஷாட். ஊசிக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும் இளைஞர்.

90 வரை: கடையின் பெயர், ஊர்.

பெஞ்சில் கடிகாரம் பார்க்கும் மனிதர் முக்கியம். அவர் இல்லாவிட்டால் இளைஞரின் காத்திருப்பு வெறும் சும்மா இருத்தல். அவர் எழுந்து உட்காருவதில்தான் கடை கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரிகிறது.

வலப்பக்கத்தில் ஆறே வசனம். அம்மாவுக்கு மூன்று: எழுத்து தெரியாது என்பது, ஊசிக் காது தெரியணும் என்பது, ஒரு தடவை குருட்டாம்போக்கில் கோத்துவிடும் என்பது. இளைஞருக்கு மூன்று: "அப்போ இந்த அட்டையப் பாருங்கம்மா", "எங்க, கோத்துக் காட்டுங்கம்மா", "மெதுவாப் பண்ணுங்கம்மா." மொத்தம் 24 சொற்கள். தமிழில் விநாடிக்கு இரண்டு சொல் என்பதே வேகம். தொண்ணூறு விநாடியையும் பேச்சால் நிரப்பினால் படம் வானொலியாகிவிடும். என் வழக்கப்படி நாற்பது, ஐம்பது சொல்லைத் தாண்டினால் ஏதோ ஒரு காட்சி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பலர் கைபேசியில் சத்தமில்லாமல் பார்ப்பதால், வசனத்தை மூடிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் ஒருவரிடம் படித்துக் காட்டுவேன். கதை புரிய வேண்டும்.

சில விஷயங்களைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். படப்பிடிப்பில் கண்டுபிடித்தால் தாமதம். நூல் சிவப்பு, பின்னால் வெளிர்நிறச் சுவர். வெள்ளை நூல் சின்னத் திரையில் காணாமல் போகும். நடிப்பவருக்கு நிஜமாகவே வெள்ளெழுத்து இருக்க வேண்டும். நல்ல பார்வை உள்ளவர் தடுமாறுவதுபோல் நடித்தால் விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அம்மாவையே நடிக்கக் கேட்டோம். "தெருவே சிரிக்கும், வேணாம்" என்றார். பெயரும் வேண்டாம் என்றார். கதையைச் சொல்ல மட்டும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். அது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட. விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஏ.எஸ்.சி.ஐ. நெறிமுறையின்படி, ஒருவரை அவர் அனுமதியின்றி, பொருளுக்கு நியாயமற்ற ஆதாயம் தரும்படியோ அவருக்கு இழுக்கு வரும்படியோ விளம்பரத்தில் சுட்டக் கூடாது. வாடிக்கையாளரின் பாராட்டு உண்மையானதாக இருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. அதனால் திரையின் அடியில் ஒரு வரி: 'நடந்த சம்பவம். நடித்திருப்பவர்கள் வேறு.'

கடைசிச் சண்டை முடிவு வாசகத்துக்கு. 'பார்வை மட்டுமல்ல, பாசமும் தருகிறோம்' என்று முதலாளி ஒன்று வைத்திருந்தார். வாதாடவில்லை. கடையில் வேலை செய்யாத நாலு பேரைக் கூப்பிட்டு, அந்த வரியோடு இருவருக்கும், வரியில்லாமல் இருவருக்கும் ஸ்கிரிப்ட்டைப் படித்துக் காட்டினேன். மறுநாள் என்ன ஞாபகம் என்று கேட்டபோது வரியோடு கேட்டவர்கள், "பாசமான கடைன்னு சொல்றாங்க" என்றார்கள். மற்ற இருவரில் ஒருவர் சொன்னது: "அந்தம்மா ரெண்டாந்தடவ கோத்துச்சே, அதுவரைக்கும் அந்தப் பையன் பேசாம இருந்தான்ல?"

முதலாளி பதினோரு வரித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பேரு மட்டும் கொஞ்சம் பெருசா வரட்டும் சார்" என்றார். அதற்கு ஒப்புக்கொண்டேன்.