மழைமானி தூங்கும்போது எவ்வளவு மின் குடிக்கிறது?

மலையகத்தில் மண்சரிவு எச்சரிக்கை மழையளவை வைத்துத்தான் எழுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 தாண்டினால் ஆயத்தமாகவும், 150 தாண்டினால் வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்களை மண் மூடியதை மறக்காதவர்களுக்கு இந்த எண்கள் தெரியும். ஹற்றன், நுவரெலியா பக்கத்துச் சரிவு ஒன்றில் மின்கம்பி எட்டாத இடத்தில் சொந்தமாக ஒரு தானியங்கி மழைமானியை வைக்க நினைத்தால், முதலில் எழும் கேள்வி பற்றரியைப் பற்றியது. அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், பலகை தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தாக வேண்டும். அங்கேதான் சாதாரண மல்ட்டிமீட்டர் ஏமாற்றுகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பலகையை வைத்துக்கொள்வோம். 8 மெகாஹேர்ட்சில் ஓடும் ஏற்றிமேகா 328பி சிப், ஒரு லோரா வானொலித் தொகுதி, இரண்டு ஏஏ அல்கலைன் செல்கள், அதாவது 3 வோல்ட். மழை வாளி கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சைத் தட்டும், சிப் எண்ணிக்கொள்ளும், மணிக்கொரு தரம் அந்த எண்ணிக்கையை அனுப்பும். மற்ற நேரமெல்லாம் தூக்கம். எல்லாம் சரியாக இருந்தால் தூக்கத்தில் 5 மைக்ரோஅம்பியர் போதும். ஆண்டுக்கு 8760 மணி என்று பெருக்கினால் 44 மில்லிஅம்பியர்மணிதான் செலவாகும். அதே பலகை 100 மைக்ரோஅம்பியர் இழுத்தால் 876 மில்லிஅம்பியர்மணி போய்விடும். ஒரு நல்ல ஏஏ செல்லில் இருப்பதே 2000 முதல் 2500 வரைதான். ஆகவே 5-ஆ 100-ஆ என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பலகையை மலையில் கொண்டுபோய் நடுவது வீண்வேலை.

மல்ட்டிமீட்டர் மின்னோட்டத்தை நேராக அளப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒரு தடை வழியாக மின்னோட்டத்தை விட்டு, அந்தத் தடையின் இரு முனைகளுக்கு இடையில் எழும் வோல்ட்டையே அது அளக்கிறது. அந்த வோல்ட் பலகைக்குப் போகவேண்டியதிலிருந்து கழிந்துவிடும். இதைச் சுமை மின்னழுத்தம் என்கிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் முழு அளவுக்கு 200 மில்லிவோல்ட் விழும். 200 மைக்ரோஅம்பியர் அளவுப்படியில் 200 மில்லிவோல்ட் என்றால் உள்ளே 1000 ஓம் இருக்கிறது; 2000 மைக்ரோஅம்பியர் படியில் 100 ஓம். விலை கூடிய ஃப்ளூக் 87-5 மீட்டரிலும் மைக்ரோஅம்பியர் படியில் ஏறத்தாழ 100 ஓம்தான். இந்த விஷயத்தில் விலை பெரிதாக உதவாது.

100 ஓம் வழியாக 5 மைக்ரோஅம்பியர் போனால் அரை மில்லிவோல்ட்தான் விழும். 3 வோல்ட்டில் அது ஒன்றுமே இல்லை. தூக்கத்தை அளப்பதில் சுமை மின்னழுத்தம் ஒரு தொல்லையே அல்ல. பலகை விழிக்கும்போதுதான் தொல்லை. சிப் விழித்து ஓடினால் 4 மில்லிஅம்பியர் அளவு இழுக்கும். 100 ஓமில் அது 0.4 வோல்ட், பலகைக்கு மிஞ்சுவது 2.6. இந்தச் சிப்பின் மின்வீழ்ச்சிக் காவலை 2.7 வோல்ட்டில் வைத்திருந்தால் அந்தக் கணமே அது சிப்பை ரீசெட் செய்துவிடும். லோரா அனுப்பும்போது மின்னோட்டம் 90 மில்லிஅம்பியரை நெருங்கும். 100 ஓமில் அதற்கு 9 வோல்ட் விழ வேண்டும். கையில் இருப்பதோ 3.

ரீசெட் ஆன சிப் மின்னோட்டத்தைக் குறைக்கும், வோல்ட் ஏறும், நிரல் தொடக்கத்திலிருந்து ஓடத் தொடங்கும், மறுபடி வோல்ட் விழும், மறுபடி ரீசெட். பலகை தூக்கத்தை எட்டுவதே இல்லை. மீட்டரோ இந்தக் கூத்தையெல்லாம் சராசரியாக்கி, சில நூறு மைக்ரோஅம்பியர் என்று ஏதோ ஓர் எண்ணைத் திரையில் ஆட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்க மின்னோட்டம் என்று நம்பி, இல்லாத கசிவைத் தேடி ஒவ்வொரு பாகமாகக் கழற்றுபவர்கள் உண்டு. அளவுப்படியைத் திருகும்போதும் இதே கதைதான். படி மாறும் கணத்தில் இணைப்பு அறுந்து, பலகை முழுதாக அணைந்து மறுபடி எழும்.

இது நடக்கிறதா என்று சிப்பிடமே கேட்கலாம். ரீசெட் ஏன் நேர்ந்தது என்பதை அது `MCUSR` என்ற பதிவேட்டில் குறித்து வைக்கும். நிரலின் முதல் வரிகளில் அதைப் படித்து, நீங்கள் எழுதிய ஒரு சிறு செயற்கூறால் எல்ஈடியைச் சிமிட்டச் செய்யலாம்:

```
uint8_t r = MCUSR;
MCUSR = 0;
if ((r & (1 << BORF)) && !(r & (1 << PORF))) blinkLed(5);
```

`BORF` மட்டும் எழுந்திருந்தால் வோல்ட் தாழ்ந்திருக்கிறது. `PORF` எழுந்திருந்தால் மின் முற்றாக அறுந்து திரும்பியிருக்கிறது. சில பூட்லோடர்கள் இந்தப் பதிவேட்டை முன்கூட்டியே துடைத்துவிடும். ஆகவே எல்ஈடி சிமிட்டவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி கொள்ளக்கூடாது. இன்னொரு மீட்டரைப் பலகையின் மின்முனைகளில் வோல்ட்டில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விழுந்தெழும் வோல்ட்டை அது காட்டாது.

இனி அளக்கும் வழி. மீட்டரின் மின்னோட்டப் படிகளை மறந்துவிடுங்கள். பற்றரியின் நேர்முனைக்கும் பலகைக்கும் இடையில் 1 கிலோஓம் தடை ஒன்றைத் தொடராகப் போடுங்கள். அந்தத் தடையின் இரு முனைகளையும் குறுக்கே இணைக்கும் ஜம்பர் ஒன்றையும் வையுங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட் நேர் மின்படியில் வைத்து, தடையின் குறுக்கே நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோஅம்பியர். மஞ்சள் மீட்டரும் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் என்பதால் 0.1 மைக்ரோஅம்பியர் வரை பார்க்கலாம். மீட்டரின் உள்தடை 1 மெகாஓம் ஆனாலும் பிழை ஆயிரத்தில் ஒன்றுதான்.

ஜம்பரைப் போட்டபடி பலகையை இயக்குங்கள். அது எழுந்து, வானொலியை அமைத்து, ஒரு பொதி அனுப்பித் தூங்கட்டும். தூங்கும் முன் ஒருமுறை சிமிட்டும்படி நிரலில் எழுதி வைத்தால் ஊகிக்க வேண்டியிராது. இப்போது ஜம்பரைக் கழற்றுங்கள். பலகைக்கு மின் ஒரு கணமும் அறுவதில்லை. தடை வழியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. எண் நிலைபெற்றதும் குறித்துக்கொண்டு, அடுத்த அனுப்புதலுக்கு முன் ஜம்பரைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இந்தச் சிப்பின் வாட்ச்டாக் கடிகாரம் அதிகபட்சம் 8 விநாடி வரைதான் ஓடும். ஒரு மணி நேரம் தூங்க வேண்டுமானால் 8 விநாடிக்கு ஒருமுறை எழுந்து எண்ணிவிட்டுப் படுக்கும். 1000 ஓமில் 4 மில்லிஅம்பியருக்கு 4 வோல்ட் விழ வேண்டும். இதைச் சமாளிக்கப் பலகையின் பக்கம் ஒரு 100 மைக்ரோபரட் கொள்ளளவி போதும். விழிப்பு ஒரு மில்லிவிநாடி நீடித்தாலும் 4 மைக்ரோகூலோம்தான் செலவாகும். கொள்ளளவியின் வோல்ட் 0.04 மட்டுமே தாழும். லோரா அனுப்புதலைக் கொள்ளளவியிடம் விடமுடியாது. 50 மில்லிவிநாடிக்கு 90 மில்லிஅம்பியர் என்றால் 4.5 மில்லிகூலோம். 1000 மைக்ரோபரட் போட்டாலும் 4.5 வோல்ட் தாழும் என்று கணக்கு வரும். அதற்கு ஜம்பர்தான் கதி. மின்பகு கொள்ளளவியும் தானாகக் கொஞ்சம் கசியும், புதிதாக மின்னேற்றியபோது கூடுதலாக. ஆகவே சில நிமிடம் பொறுத்து எண்ணைப் படியுங்கள். பலகை இல்லாமல் கொள்ளளவியை மட்டும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

ஜம்பருக்குப் பதிலாகத் தடையின் குறுக்கே ஷொட்கி டயோட் போடும் வழக்கமும் உண்டு. விழிக்கும்போது டயோட் திறந்து, வீழ்ச்சியை 0.3 வோல்ட் அளவில் நிறுத்திவிடும். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் புதிய செல்லில்தான் அந்த 0.3 வோல்ட் தாங்கும். 1என்5819 போன்ற பெரிய ஷொட்கி டயோட் சில மில்லிவோல்ட்டிலேயே மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தன் வழியே கடத்திவிடும், அதனால் மீட்டர் குறைத்துக் காட்டும். 1 கிலோஓமோடு அதைச் சேர்த்தால் எண்ணை நம்ப முடியாது. தூக்கத்தின் நடுவே டயோட்டைக் கழற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். என் தேர்வு ஜம்பர்தான்.

பணம் இருந்தால் வேறு கருவிகள் உண்டு. ஆஸ்திரேலியரான டேவ் ஜோன்ஸ் 2009-இல் வெளியிட்ட மைக்ரோகரண்ட், 10 ஓம் தடையில் விழும் சிறு வோல்ட்டை நூறு மடங்கு பெருக்கி மீட்டருக்குத் தரும். நோர்டிக் நிறுவனத்தின் பிபிகே2 ஒரு மைக்ரோஅம்பியருக்குக் கீழிருந்து 1 அம்பியர் வரை தானே படி மாற்றி, முழு விழிப்பையும் தூக்கத்தையும் வரைபடமாகவே காட்டும். ஒரு பலகைக்கு மேல் செய்பவர் பிபிகே2 வாங்குவது நியாயம்.

எண் கைக்கு வந்த பின் அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். 5 எதிர்பார்த்து 25 வந்தால் மின்வீழ்ச்சிக் காவல் தூக்கத்திலும் விழித்திருக்கிறது; அது மட்டும் ஏறத்தாழ 20 மைக்ரோஅம்பியர் தின்னும். தூங்கும் முன் `sleep_bod_disable()` கொடுத்தால் தீரும். மீட்டரின் 200 மில்லிவோல்ட் படியையே தாண்டிவிட்டால் பலகையில் மின் எல்ஈடி எரிகிறதா என்று பாருங்கள். எண் மிகக் குறைவாகவோ எதிர்க்குறியுடனோ வந்தால் யூஎஸ்பி நிரலேற்றும் கம்பி இன்னும் மாட்டியிருக்கிறது. அதன் வழியே பலகை பின்வாசலால் மின் எடுக்கிறது.

மழைமானிக்கே உரிய ஒரு குறும்பும் உண்டு. வாளி நடுவில் நின்று காந்தம் ரீட் சுவிட்சை மூடியபடி இருந்துவிட்டால், சிப்பின் உள் இழுதடை வழியே மின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தடை 20 முதல் 50 கிலோஓம் வரை. 3 வோல்ட்டில் 60 முதல் 150 மைக்ரோஅம்பியர். மேசையில் 5 காட்டிய பலகை மலையில் மாதக்கணக்கில் 100 இழுப்பதற்கு இதுவே போதும். உள் இழுதடையை அணைத்து, வெளியில் 1 மெகாஓம் போட்டால் 3 மைக்ரோஅம்பியரோடு நிற்கும். சுவிட்ச் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் இரண்டு தடவை அளக்காமல் பெட்டியை மூடாதீர்கள்.

நுவரெலியாவின் பனிமூட்டமும் தன் பங்கைக் கேட்கும். ஃப்ளக்ஸ் படிந்த பலகையில் ஈரம் இறங்கி, இரு தடங்களுக்கு இடையில் 1 மெகாஓம் பாதை உண்டானால் மேலும் 3 மைக்ரோஅம்பியர். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் கழுவி, உலர்த்தி, பூச்சுப் பூசி, பிறகு ஓர் ஈரக் காலையில் மறுபடி அளந்து பார்ப்பது நல்லது. இதற்காகவே 1 கிலோஓம் தடையையும் ஜம்பருக்கான இரு ஊசிகளையும் பலகையிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். பற்றரி மாற்ற மலையேறும்போது மஞ்சள் மீட்டர் ஒன்றும் சட்டைப்பையில் இருந்தால் அங்கேயே பார்த்துவிடலாம்.