‘ஸ்டேஷன்ல கொடுத்தாச்சு!’

“வாடகைக்கு வந்தவங்க விவரமெல்லாம் ஸ்டேஷன்ல கொடுத்தாச்சு” என்று சொல்லும்போது சென்னை வீட்டு ஓனர்களின் குரலில் ஒரு நிம்மதி தெரியும். வந்தவர் நல்லவர்தான் என்று போலீஸே சொல்லிவிட்டதைப் போன்ற நிம்மதி அது. ஆனால், அந்தப் படிவம் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒரு கோப்பில் போய்ச் சேர்வதோடு சரி. அதை வைத்து யாரும் எதையும் விசாரித்திருக்க மாட்டார்கள். விசாரிப்பதாக அவர்கள் சொல்லவும் இல்லை.

இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, ‘இன்னார் என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று ஸ்டேஷனுக்குத் தெரிவிப்பது. இதற்குக் கட்டணம் இல்லை. மற்றது, ‘இவர் மீது வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பது. இதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். தனிநபர் கேட்டால் 500 ரூபாய், நிறுவனம் கேட்டால் 1,000 ரூபாய். வாடகைதாரருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அங்கே தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு.

முதல் வகைக்கு சென்னையில் ஒரு வரலாறு இருக்கிறது. 2012 பிப்ரவரியில், பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்துதான், வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் தர வேண்டும் என்று மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். நாம் ஊரடங்குடன் சேர்த்தே கேட்டுப் பழகிய 144-வது பிரிவின் கீழ் வந்த உத்தரவு அது. இப்போது அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு விரும்பினால் மேற்கொண்டு ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். உத்தரவு நடப்பில் இருக்கும்போது மீறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆகவே, உங்கள் ஊரில் இப்போது உத்தரவு அமலில் இருக்கிறதா என்பதை ஸ்டேஷனிலேயே கேட்டுவிடுவது நல்லது. வாடகை ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்வது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படியான வேறொரு கடமை. அதைச் செய்துவிட்டால் போலீஸுக்குத் தெரிவித்ததாக ஆகாது.

படிவம் என்ன கேட்கிறது? ஓனரின் பெயர், போன் நம்பர், வாடகைக்கு விட்ட வீட்டின் முகவரி, குடிவந்த தேதி. வாடகைதாரரின் புகைப்படம், தந்தை பெயர், சொந்த ஊர் முகவரி, இதற்கு முன் குடியிருந்த இடம், வேலை செய்யும் இடம், உடன் இருப்பவர்கள், அடையாள அட்டை நகல். வீட்டு வேலைக்கு வருபவர் என்றால் அங்க அடையாளம், முன்பு வேலை பார்த்த வீடுகள், அறிமுகப்படுத்தியவர் யார் என்பதும் சேரும். இந்தக் கேள்விகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். இவர் தப்பு செய்வாரா என்று எடைபோட இதில் எதுவும் உதவாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் இவரை எங்கே போய்த் தேடுவது என்பதற்கான விவரங்களே எல்லாம். அதனால்தான் அசல் அடையாள அட்டையை உங்கள் கண்ணால் பார்ப்பதும், சொந்த ஊர் முகவரியைத் தாலுகா, ஸ்டேஷன் பெயரோடு எழுதுவதும் முக்கியம். ‘மதுரை மாவட்டம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்த படிவத்தால் யாருக்கும் பயனில்லை.

இப்போது பணம் கட்டிக் கேட்கும் சரிபார்ப்புக்கு வருவோம். செல்வம் என்று ஒருவர்; தந்தை பெயர் மாரிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரில் ஒரு போர்ஷன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீஸார் அவர் விவரங்களை சி.சி.டி.என்.எஸ். எனப்படும் கணினிப் பதிவுகளில் தேடுவார்கள். முதல் தகவல் அறிக்கைகளும் கைது விவரங்களும் ஏறும் இடம் அது. தமிழ்நாட்டில் எத்தனையோ செல்வங்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் Selvam, இன்னோரிடத்தில் Chelvam. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், ஆளைப் பிரித்துக் காட்டுவது தந்தை பெயர், வயது, முகவரி ஆகிய மூன்றும்தான். படிவத்தில் தந்தை பெயரை ‘மாரி’ என்று சுருக்கி எழுதினால், இருக்கிற வழக்கு தப்பிப்போகலாம். அல்லது வேறொரு செல்வத்தின் அடிதடி வழக்கு இவர் தலையில் விழலாம்.

‘பாதகமாக எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தால், கொடுத்த பெயருக்கும் முகவரிக்கும், தேடிய பதிவுகளில், அந்தத் தேதி வரை வழக்கு ஏதும் அகப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அது நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. யாரும் புகார் கொடுக்காத திருட்டு எந்தக் கணினியிலும் இருக்காது. ஆள் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால், அவர் ஊர் ஸ்டேஷனின் பதில் வந்தால்தான் விசாரணை முழுமையாகும். அந்தப் பதில் தாமதமாகலாம், வராமலும் போகலாம்.

வழக்கு இருக்கிறது என்று வந்தால்? உடனே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். முதலில் ஆண்டையும் பிரிவையும் பாருங்கள். செல்வத்தின் பெயரில் 2020-ல் இந்திய தண்டனைச் சட்டம் 188, 269 ஆகிய பிரிவுகளில் வழக்கு என்று இருந்தால், கொரோனா ஊரடங்கில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பார், அவ்வளவுதான். அப்படிப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகளில் பெரும்பாலானவை கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் பழனிசாமி அறிவித்தார். அடுத்து, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விசாரணையிலா, கோர்ட்டிலா, விடுதலையா, தண்டனையா? எஃப்.ஐ.ஆர். என்பது புகாரின் பதிவு. அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். இந்த விவரங்களைக் கேட்டால் செல்வமே சொல்லக்கூடும். கோர்ட்டுக்குப் போன வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

அவர் ஏற்கெனவே குடிவந்துவிட்டார் என்றால் இன்னொன்றும் உண்டு. பழைய வழக்கு ஒன்று இருப்பது மட்டுமே வீட்டைக் காலி செய்ய வைக்கும் காரணமாக 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் சொல்லப்படவில்லை. சரிபார்ப்பைச் சாவி கொடுப்பதற்கு முன்பே செய்யச் சொல்வது இதனால்தான்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இது வேறு மாதிரி வலிக்கும். ஓனரும் வாடகைதாரரும் ஓரளவு சமமாகப் பேசிக்கொள்ள முடியும். மாதம் சில ஆயிரம் சம்பளத்துக்கு வருபவரிடம் ‘போட்டோ கொடு, ஆதார் கொடு’ என்றால், தன்னைத் திருடி என்று நினைக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் படும். எதற்குக் கேட்கிறோம், யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். உங்கள் கைவசம் வைத்துக்கொள்ள, முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலே போதும். அதை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, ஏன் நின்றார் என்று கேளுங்கள். எந்த அறிக்கையிலும் வராத விஷயம் அதில் வரும். ஸ்டேஷனில் படிவம் கொடுத்தால் முத்திரையுடன் ஒப்புகை வாங்கி வையுங்கள். சரிபார்ப்புக்கான 500 ரூபாயை நீங்களே கட்டுங்கள், அந்த அம்மாவின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.